2012 யாழ்ப்பாணச் சனத்தொகைக்கு மூண்டு எண் கிடக்குது, எதை எடுக்கிறது?

கொக்குவில்காரி · 2025 மே 4

வணக்கம். கம்பஸில புவியியல் கடைசி வருஷம். கட்டுரைக்கு வட மாகாணத்து ஐஞ்சு மாவட்டத்தின்ர 2012 சனத்தொகையை ஒரு அட்டவணையாப் போட்டு, போன மாசம் வந்த 2024 தற்காலிக எண்ணோட ஒப்பிட வேணும். 2012 எண்ணை வேற வேற இடத்தில இருந்து எடுத்தன். ஒண்டு மாகாணசபைப் புத்தகம், ஒண்டு தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின்ர பி.டி.எஃப், மிச்சம் ஆரோ செய்த எக்ஸெல். நான் போட்டது இது:

யாழ்ப்பாணம் 583,378
கிளிநொச்சி 113,510
மன்னார் 99,051
முல்லைத்தீவு 92,228
வவுனியா 172,115

கூட்டினா 1,060,282 வருது. ஆனா மாகாணத்துக்கு 1,060,023 எண்டும், 1,058,762 எண்டும், 1,061,315 எண்டும் மூண்டு எண் பாத்திட்டன். என்ர கூட்டுத்தொகை ஒண்டோடயும் ஒத்துவரேல்லை. யாழ்ப்பாணத்துக்கு மட்டும் 583,071, 583,378, 583,882 எண்டு மூண்டு விதமாக் கிடக்குது. எது பிழை?

எண்கணக்கன் · 2025 மே 4

ஒண்டும் பிழையில்லை தங்கச்சி. முதல்ல தற்காலிக எண்ணை விடுவினம். பேந்து பிந்தி வந்து சேர்ற படிவங்களைச் சேர்க்கச் சேர்க்க எண் கூடிக்கொண்டு போகும். அதனால எப்பவும் பெரிய எண்தான் கடைசி. யாழ்ப்பாணத்துக்கு 583,882 ஐ எடும். மற்ற மாவட்டத்துக்கும் இருக்கிறதில பெரிசை எடுத்தாச் சரி.

பழைய கச்சேரி · 2025 மே 4

எண்கணக்கன் சொன்னதில 583,882 சரி, சொன்ன காரணம் அரைவாசிதான் சரி. பெரிசை எடு எண்டு சொன்னா வவுனியாவில பிள்ளை பிழைபடும். அது பிறகு சொல்லுறன்.

நான் புள்ளிவிபரக் கிளையில கனகாலம் வேலை செய்தவன். முதல் எண் எப்பிடி வருகுது எண்டு விளங்கினா மிச்சம் தானா விளங்கும்.

கணக்கெடுக்கப் போறவருக்கு ஒரு சின்னப் பகுதி குடுப்பினம், ஒரு ஜீ.எஸ். பிரிவுக்குள்ள சில ஒழுங்கைகள் அளவு. வீடு வீடாப் போய்ப் படிவத்தை நிரப்பி முடிய, அவர் ஒரு பொழிப்புத் தாளும் எழுத வேணும். அதில ஆளின்ர பேர், வயசு, சமயம் ஒண்டும் இராது. இத்தனை வீடு, இத்தனை குடும்பம், இத்தனை ஆம்பிளை, இத்தனை பொம்பிளை, அவ்வளவுதான். அந்தத் தாளை மேற்பார்வையாளர் கூட்டுவார், டி.எஸ். ஒஃபிஸில திரும்பக் கூட்டுவினம், மாவட்டத்தில திரும்பக் கூட்டுவினம், பிறகு கொழும்புக்குப் போகும். கொழும்பு 25 மாவட்டத்தையும் கூட்டினா முதல் வெளியீடு. 2012 மார்ச் 20 கணக்கெடுப்புக்குச் சில வாரத்திலயே 20,277,597 எண்டு அறிவிச்சது இப்பிடித்தான். அந்த நேரம் ஆள்ப் படிவங்கள் பெட்டி கட்டிக் கிடக்கும். அதை ஒருத்தரும் ஆள் ஆளா எண்ணியிருக்க மாட்டினம்.

பிறகுதான் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு ஆளையும் ஒவ்வொரு பதிவாக் கணினிக்குள்ள ஏத்துறது. ஏத்தி முடிய, கணினி எண்ணின ஆக்களின்ர தொகையும் பொழிப்புத் தாளின்ர தொகையும் ஒத்துப்போகாது. ஒத்துப்போனாத்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கடைக்காரன் இரவு கடை பூட்டேக்க லாச்சிக் காசை எண்ணி இண்டைக்கு இவ்வளவு யாபாரம் எண்டு சொல்லுறது முதல் வெளியீடு. மாசக் கடைசியில பில்லுகளை ஒவ்வொண்டாக் கூட்டிப் பாக்கிறது கடைசி வெளியீடு. இரண்டும் ஒரே யாபாரம், எண்ணின பொருள்தான் வேற.

கொக்குவில்காரி · 2025 மே 5

நன்றி ஐயா. ஆனா மூண்டாவது ஒண்டு நடுவில கிடக்குதே? 583,378?

பழைய கச்சேரி · 2025 மே 5

ஓம். 2012 க்கு மூண்டு படி இருந்தது. இரண்டாம் படியிலதான் இனம், சமயம் பிரிச்ச அட்டவணைகள் முதல் முதல் வெளியில வந்தது. பொழிப்புத் தாளில இனம் இல்லாதபடியால் ஆள்ப் பதிவைப் பாத்தாத்தான் அந்த அட்டவணை செய்யலாம். அதிலயும் “தற்காலிகமானது” எண்டு போட்டிருந்தது. முழு நாட்டுக்கும் 20,263,723. அதாவது முதல் எண்ணைவிடக் குறைஞ்சது. கடைசி அறிக்கையில 20,359,439 எண்டு ஏறினது. இறங்கி ஏறினதைக் கவனிக்கவும். எப்பவும் கூடும் எண்ட கதை இங்கயே போச்சு.

வடக்கை முதற்படி, இரண்டாம் படி, இறுதி எண்ட ஒழுங்கில போடுறன்:

யாழ்ப்பாணம்: 583,071 / 583,378 / 583,882
கிளிநொச்சி: 112,872 / 112,875 / 113,510
மன்னார்: 99,063 / 99,051 / 99,570
முல்லைத்தீவு: 92,228 / 91,947 / 92,238
வவுனியா: 172,789 / 171,511 / 172,115
மாகாணம்: 1,060,023 / 1,058,762 / 1,061,315

இப்ப உம்மட அட்டவணையைத் திரும்பப் பாரும் பிள்ளை. யாழ்ப்பாணமும் மன்னாரும் இரண்டாம் படி. முல்லைத்தீவு முதற்படி. கிளிநொச்சியும் வவுனியாவும் இறுதி. மூண்டு படியையும் ஒரு நிரலில கலந்திருக்கிறீர். தனித்தனியா ஒண்டும் பிழையில்லை, எல்லாம் திணைக்களம் வெளியிட்ட எண்தான். கூட்டேக்கதான் உது காட்டிக் குடுத்தது. நீர் கூட்டிப் பாத்தபடியால் பிடிபட்டுது, கனபேர் கூட்டிறதே இல்லை.

மீசாலை மடல் · 2025 மே 5

பழைய கச்சேரி ஐயாவின்ர அட்டவணையை நானும் கூட்டிப் பாத்தன், மூண்டு நிரலும் சரியா வருகுது. அடிக்குறிப்பு இல்லாத அட்டவணை கையில கிடைச்சா நாங்கள் செய்யிறது இதுதான்: அதே அட்டவணையில நாட்டின்ர மொத்தம் எங்கயாவது இருக்குதா எண்டு பாக்கிறது. 20,277,597 எண்டா முதற்படி, 20,263,723 எண்டா இரண்டாம் படி, 20,359,439 எண்டா இறுதி. புத்தகத்தின்ர பேர், ஆண்டு, ஆர் வெளியிட்டது ஒண்டையும் நம்பத் தேவையில்லை. 2016 இல அச்சடிச்ச புத்தகத்திலயும் முதற்படி எண்ணைப் பாத்திருக்கிறன். ஆரோ ஒருக்கா எக்ஸெலில ஏத்தினது, பிறகு வருஷாவருஷம் அதையே நகலெடுத்துப் போடுவினம்.

சங்கானைச் சந்தை · 2025 மே 6

எல்லாரும் கணக்கு வழக்கெண்டு கதைக்கிறியள். இந்த எண் கூடிக் குறையிறதால எங்கட எம்.பி. ஆசனமும் போகுதே, அதை ஒருத்தரும் சொல்லேல்லை. யாழ்ப்பாணத்துக்கு முன்னம் 9, பிறகு 7, இப்ப 6. தற்காலிகம் எண்டு சொல்லிச் சொல்லி இறக்கிப்போட்டாங்கள்.

பழைய கச்சேரி · 2025 மே 6

அண்ணை, ஆசனம் இறங்கினது உண்மை. ஆனா அதுக்கும் தொகைமதிப்புக்கும் தொடர்பில்லை. மாவட்ட ஆசனத்தைப் பிரிக்கிறது வாக்காளர் இடாப்பை வைச்சு, தேர்தல் ஆணைக்குழுவின்ர வேலை. சனத்தொகை 583,071 ஆ 583,882 ஆ எண்டதால ஒரு ஆசனமும் ஏறாது, இறங்காது. இடாப்பில ஆக்கள் குறைஞ்சதைப் பற்றிக் கதைக்க வேணுமெண்டா அது வேற பெரிய கதை.

வவுனியா நொச்சிமோட்டை · 2025 மே 6

வவுனியாவைப் பிறகு சொல்லுறன் எண்டு விட்டிட்டுப் போட்டியள் ஐயா. எனக்கும் அதில ஒரு கேள்வி இருக்குது. ஏப்ரல் வெளியீட்டில எங்கட மாவட்டம் 172,257. வருஷ வளர்ச்சி 0.01 வீதம், நாட்டிலயே ஆகக் குறைவு எண்டு பேப்பரில போட்டிருந்தது. ஆனா எங்கட சங்கத்தில ஒருத்தர் சொல்லுறார் வவுனியா வளரேல்லை, குறைஞ்சது எண்டு. அவர் கையில 2012 க்கு 172,789 எண்ட தாள் இருக்குது. ஆர் சரி?

மீசாலை மடல் · 2025 மே 6

உங்கட சங்கத்து ஆள் முதற்படித் தாளை வைச்சிருக்கிறார். 172,257 இல இருந்து 172,789 ஐக் கழிச்சா 532 பேர் குறைவு. இரண்டாம் படியோட ஒப்பிட்டா 746 பேர் கூட. இறுதியோட ஒப்பிட்டா 142 பேர் கூட. திணைக்களம் இறுதியை எடுத்திருக்குது. 172,115 இல 142 பேரை 12 வருஷம் 9 மாசத்துக்குப் பரப்பினா 0.01 வீதத்துக்குக் கிட்ட வருகுது, செய்து பாத்தன். முல்லைத்தீவின்ர 2.23 வீதமும் இறுதி 92,238 ஐ வைச்சுத்தான் வரும், 122,542 வரைக்கும்.

யாழ்ப்பாணத்தில எந்த 2012 எண்ணை எடுத்தாலும் முடிவு பெரிசா மாறாது. முதலுக்கும் இறுதிக்கும் 811 பேர்தான் வித்தியாசம், 0.14 வீதம். வவுனியாவில 674 பேர் வித்தியாசம். ஆனா 12 வருஷத்தில உண்மையா நடந்த மாற்றமே அதைவிடச் சின்னன். அதனாலதான் அங்க எண்ணை மாத்தினாக் கூடினதா குறைஞ்சதா எண்டதே மாறிப்போகுது.

எண்கணக்கன் · 2025 மே 6

அப்ப சுலபமான வழி ஒண்டு இருக்குது. நாட்டுக்கு இறுதி எண் முதற்படியைவிட 0.4 வீதம் கூட. பழைய புத்தகத்தில முதற்படி எண் மட்டும் இருந்தா எல்லா மாவட்டத்தையும் 1.004 ஆல பெருக்கினா இறுதிக்குக் கிட்ட வந்திடும். 2024 க்கும் கடைசி எண் வரும்வரைக்கும் இப்பிடிச் செய்யலாம்.

மீசாலை மடல் · 2025 மே 7

வராது. வவுனியா 172,789 ஐப் பெருக்கிப் பாருங்கோ, 173,480 அளவில வரும். உண்மையான இறுதி 172,115. திருத்தம் எதிர்ப்பக்கம் போன மாவட்டத்தில நீங்கள் பிழையை இரண்டு மடங்காக்கிப் போடுறியள். முல்லைத்தீவுக்கு 370 பேர் கூடும், அங்க உண்மையில கூடினது 10 பேர். திருத்தம் எல்லா மாவட்டத்திலயும் ஒரே அளவாத் தெளிச்ச மாதிரி இருக்கிறதில்லை. ஒரு இடத்தில ஒரு பகுதியின்ர படிவம் பிந்தி வந்திருக்கும், இன்னொரு இடத்தில ஒரே குடும்பத்தை இரண்டு பேர் எழுதியிருப்பினம். அதை ஒரு பெருக்கெண்ணால பிடிக்க ஏலாது.

கரவெட்டி கடைசித் தெரு · 2025 மே 7

நல்ல இழை. எனக்கும் ஒரு அலுவல். போன டிசம்பரில எங்கட வீட்டுக்கு ஒருத்தரும் கணக்கெடுக்க வரேல்லை. அம்மாவின்ர ஒப்பரேசனுக்கு நாங்கள் கொழும்பில நிண்டனாங்கள், வீடு பூட்டு. இப்ப தற்காலிக எண்ணைத் திருத்தினம் எண்டு சொல்லுறியள். அப்ப எங்கட நாலு பேரையும் சேர்க்கச் சொல்லி எங்க எழுதிக் குடுக்கிறது? டி.எஸ். ஒஃபிஸா, ஜீ.எஸ். ஆ?

பழைய கச்சேரி · 2025 மே 7

தம்பி, அம்மா சுகமா இருக்கிறாவோ? உங்கட கேள்வி வேற. தற்காலிக எண்ணைத் திருத்திறது எண்டது ஏற்கெனவே சேகரிச்ச பதிவுகளை ஒழுங்கு பண்ணுறது. விடுபட்ட வீட்டுக்குத் திரும்பப் போற வேலை இல்லை. கணக்கெடுப்பு மூடின பிறகு கடிதம் எழுதிச் சேர்க்க வழி இல்லை. விடுபட்ட ஆக்கள் எவ்வளவு எண்டு அறிய, கணக்கெடுப்பு முடிஞ்ச கையோட சில பகுதிகளைத் தெரிஞ்செடுத்துத் திரும்ப எண்ணிப் பாக்கிற முறை ஒண்டு பல நாடுகளில இருக்குது. அது குறைபாட்டின்ர அளவைச் சொல்லும். அதை வைச்சு மொத்தத்தைக் கூட்டி எழுதிறது எல்லா இடத்திலயும் நடக்கிறதில்லை.

ஒரு சமாதானம், பூட்டின வீட்டு ஆக்களைப் பக்கத்து வீட்டில விசாரிச்சு எழுதிறதும் நடக்கும். 2012 இல இருந்து வழமையா எங்க வசிக்கிறாரோ அங்க பதியிற முறைதான். கொழும்பில நிண்டாலும் நீங்கள் கரவெட்டி ஆக்கள். நீங்கள் இல்லாத நேரம் உங்களை எழுதியிருக்கலாம்.

கரவெட்டி கடைசித் தெரு · 2025 மே 7

பக்கத்து வீட்டுக்காரரோட எங்களுக்குப் பேச்சு வார்த்தை இல்லை ஐயா. 😄 எழுதியிருந்தா எத்தனை பேர் எண்டு எழுதினாரோ தெரியாது.

ஈச்சமோட்டை · 2025 மே 8

எல்லாம் சரி, ஆனா ஒரு விசயத்தை எல்லாரும் மெல்லமாத் தாண்டிப் போறியள். 2012 இரண்டாம் படியில இலங்கைத் தமிழர் 2,270,924. இறுதியில 2,269,266. நாட்டின்ர மொத்தம் 95,716 ஆல கூடினது, எங்கட எண் மட்டும் 1,658 ஆல குறைஞ்சது. இந்தியத் தமிழரும் 842,323 இல இருந்து 839,504 ஆ இறங்கிச்சினம். சிங்களவர் 76,000 க்கு மேல ஏறினவை. படிவத்தை ஒழுங்கு பண்ணினா ஏன் ஒரு பக்கம் மட்டும் இறங்குது?

பழைய கச்சேரி · 2025 மே 8

எண்கள் சரி. நீங்கள் கேக்கிறதும் கேக்க வேண்டிய கேள்விதான். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்லுறன்.

சோனகரும் 1,869,820 இல இருந்து 1,892,638 க்கு ஏறினவை. அதனால சிங்களவர் ஒருபக்கம், மற்ற எல்லாரும் ஒருபக்கம் எண்டு அது பிரியேல்லை. அடுத்தது, வட மாகாணத்தின்ர ஐஞ்சு மாவட்ட மொத்தமும் இரண்டாம் படிக்கும் இறுதிக்கும் இடையில கூடித்தான் இருக்குது, மாகாணத்துக்கு 2,553 பேர். அப்ப தமிழர் தொகை குறைஞ்சதைத் தேட வேண்டியது வடக்குக்கு வெளியில எண்டு ஒரு ஊகம் வரும். ஊகம்தான். மாவட்டம் மாவட்டமா இனத் தொகையை இரண்டு படியிலயும் எடுத்து வைச்சுக் கழிச்சுப் பாத்தாத்தான் முடிவாச் சொல்லலாம்.

ஆள்ப் பதிவில இன நிரல் வாசிக்க ஏலாமல் இருந்தாலோ, வெறுமையா விட்டிருந்தாலோ, வீட்டில மற்ற ஆக்களின்ர பதிவை வைச்சு நிரப்பிற விதிகள் உண்டு. தற்காலிகப் படியில அந்த வேலை முழுசா முடிஞ்சிருக்காது. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் எண்ட இரண்டுக்கும் இடையில ஆக்கள் மாறுறதும் இருக்குது, ஆனா இங்க இரண்டுமே இறங்கினபடியால் அது மட்டும் காரணமா இருக்க ஏலாது.

ஈச்சமோட்டை · 2025 மே 8

நிரப்பிற விதி எண்டு சொன்னா யார் எழுதின விதி எண்டுதான் எங்கட சனம் கேக்கும். கேக்கிறது பிழையோ? ஒவ்வொரு படிக்கும் இடையில எத்தனை பதிவு சேர்ந்தது, எத்தனை நீக்கினது, எத்தனை மாவட்டம் மாறினது எண்டு ஒரு பக்கத்தில போட்டா இந்தக் கதையே வராது.

பழைய கச்சேரி · 2025 மே 8

அதில உங்களோட எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு பக்கம் காணும். புதுசாக் கணக்கெடுக்கவும் தேவையில்லை, செய்த வேலையின்ர பதிவுதானே.

மீசாலை மடல் · 2025 மே 8

இதோட சேர்ந்து ஒரு பொறி இருக்குது, கொக்குவில்காரியின்ர கட்டுரைக்கு உதவும். இலங்கைத் தமிழர் வீதம் 2012 இல 11.2 எண்டும் போடுவினம், 11.1 எண்டும் போடுவினம். இரண்டாம் படி எண்ணை இரண்டாம் படி மொத்தத்தால வகுத்தா 11.21, அது 11.2. இறுதியை இறுதியால வகுத்தா 11.146, அது 11.1. சிலர் இரண்டாம் படித் தொகையை எடுத்து இறுதி மொத்தத்தால வகுக்கினம், அது 11.154, திரும்ப 11.2 எண்டு வந்திடும். விடை தெரிஞ்ச எண் மாதிரி இருக்கிறபடியால் கலந்தது ஒருத்தருக்கும் பிடிபடாது. மேலயும் கீழயும் ஒரே படியில இருந்து எடுக்க வேணும்.

தஞ்சை வாசகர் · 2025 மே 10

தமிழ்நாட்டிலிருந்து ஒரு குறிப்பு. இங்கே 2011 கணக்கெடுப்பின் தற்காலிக எண் மார்ச் 31 அன்றே வந்துவிட்டது. தமிழ்நாட்டுக்கு 7,21,38,958. பிறகு இறுதி எண் 7,21,47,030. வித்தியாசம் 8,072 பேர்தான், 0.01 சதவீதம். இந்தியா முழுமைக்கும் 121,01,93,422 என்று தொடங்கி 121,05,69,573 ஆனது. அதற்குப் பிறகும் ஒரு முறை 121,08,54,977 என்று மாறியது. மணிப்பூரின் சேனாபதி மாவட்டத்தில் மூன்று உட்பிரிவுகளுக்கு மதிப்பீடு செய்த எண்ணைச் சேர்த்ததால் வந்த மாற்றம் அது. இன்றைக்கும் இங்கே தேர்வுப் புத்தகங்களில் மூன்றும் புழங்குகின்றன. போட்டித் தேர்வில் எதை எழுதுவது என்று மாணவர்கள் அடித்துக்கொள்கிறார்கள்.

கொக்குவில்காரி · 2025 மே 10

நன்றி. இங்கயும் அதே கதைதான் போல. ஐயா, கடைசியா ஒண்டு. சேர் 1981 ஐயும் சேர்க்கச் சொல்லுறார். அதுக்கு 831,112 எண்டு ஒண்டும் 738,788 எண்டு ஒண்டும் கிடக்குது. இது முதற்படியும் இறுதியுமோ? இவ்வளவு வித்தியாசம் வருமோ?

பழைய கச்சேரி · 2025 மே 11

இல்லைப் பிள்ளை. இங்கதான் கனபேர் விழுறது.

1981 மார்ச் 17 கணக்கெடுப்பின்ர முதல் வெளியீட்டில யாழ்ப்பாண மாவட்டம் 831,112. இறுதியில 830,552. படி மாறினதால குறைஞ்சது 560 பேர் மட்டும். நாட்டுக்கும் 14,850,001 எண்டு தொடங்கி 14,846,750 எண்டு இறங்கித்தான் முடிஞ்சது. அப்ப யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்ளதான் கிளிநொச்சியும். 1984 இல கிளிநொச்சி தனி மாவட்டமானது. பிறகு திணைக்களம் பழைய 1981 எண்ணையே புது எல்லைக்குப் பிரிச்சுப் போட்டது: யாழ்ப்பாணம் 738,788, கிளிநொச்சி 91,764. கூட்டிப் பாரும், 830,552 வரும்.

இப்ப 831,112 இல இருந்து 2012 இறுதி 583,882 ஐக் கழிச்சா யாழ்ப்பாணம் 247,230 பேரை இழந்தது எண்டு வரும். அப்பிடி எழுதின கட்டுரைகள் இருக்குது. ஒரே நிலப்பரப்பை ஒப்பிட்டா 738,788 க்கும் 583,882 க்கும் இடையில 154,906. மிச்சம் 92,000 அளவு ஆக்கள் கிளிநொச்சியில இருந்தவை, காணாமல் போனவை இல்லை. இழப்புப் பெரிசு எண்டதில ஒரு சந்தேகமும் இல்லை, அதைப் பெருப்பிச்சு எழுதத் தேவையும் இல்லை. பிழை எண்ணைப் போட்டா எதிராளிக்கு மறுக்கிறது சுகம்.

இன்னொரு வரியை அடிக்குறிப்பில போடும். 1981 இல அண்டிரவு எங்க நிண்டாரோ அங்க எண்ணினது. 2012 இல வழமையா வசிக்கிற இடத்தில எண்ணினது. அதால வாற வித்தியாசத்தைக் கழிச்சு எடுக்க வழியில்லை.

நொச்சிமோட்டை மருமகன் · 2025 மே 11

2001 ஐ விட்டிட்டியளே?

பழைய கச்சேரி · 2025 மே 11

2001 இல யாழ்ப்பாணத்தில முழுக் கணக்கெடுப்பு நடக்கேல்லை. 18 மாவட்டம்தான் முழுசா எண்ணினது. நாட்டுக்கு எண்டு சொன்ன 18,732,255 உம் பிறகு திருத்தின 18,797,257 உம் எண்ணாத இடங்களுக்கு மதிப்பீடு சேர்த்த தொகைகள். யாழ்ப்பாணத்துக்கு 2001 எண்டு ஆராவது அட்டவணை தந்தா அது மதிப்பீடு. அட்டவணையில அந்த இடத்தை வெறுமையா விடுறதுதான் நேர்மை.

கொக்குவில்காரி · 2025 மே 12

விளங்கிட்டுது ஐயா. இறுதி நிரலை மட்டும் வைச்சு, 1981 க்கு 738,788 போட்டு, 2024 க்கு நேர “தற்காலிகமானது, ஏப்ரல் 2025” எண்டு போட்டுக் குடுக்கிறன். வவுனியா 142 பேர் எண்டதை எழுதுறதா விடுறதா எண்டு யோசிக்கிறன்.

மீசாலை மடல் · 2025 மே 12

142 எண்டு எழுதாதையும். ஒரு பக்கம் இறுதி எண், மற்றப் பக்கம் தற்காலிக எண். 2012 இல வவுனியாவின்ர எண் படிக்குப் படி 600 இல இருந்து 1,300 வரைக்கும் ஆடினது. அந்த ஆட்டத்துக்குள்ள 142 காணாமல் போயிடும். “2012 இல இருந்து ஏறக்குறைய மாறவில்லை” எண்டு எழுதினாக் காணும்.

வவுனியா நொச்சிமோட்டை · 2025 மே 12

எங்கட சங்கத்து ஆளுக்கு இதைக் காட்டினன். “என்ர தாளில முத்திரை இருக்குது” எண்டு சொல்லுறார்.

எண்கணக்கன் · 2025 நவம்பர் 3

பழைய இழையை மேல கொண்டு வாறதுக்கு மன்னிக்கவும். அக்டோபர் கடைசியில 2024 க்குப் புது வெளியீடு வந்திட்டுது. நாட்டுக்கு 21,781,800. ஏப்ரலில 21,763,170. கூடினது 18,630 பேர். இந்தமுறை ரப் கணினியில நேர பதிஞ்சவை, பொழிப்புத் தாள் கூட்டுற வேலை இல்லை எண்டு சொன்னவை. அப்ப ஏன் திரும்பவும் மாறுது?

மீசாலை மடல் · 2025 நவம்பர் 3

0.09 வீதம். 2012 இல முதலுக்கும் இறுதிக்கும் 0.4 வீதம். கைக்கூட்டல் பிழை போனபடியால்தான் இவ்வளவு குறைஞ்சது எண்டு நினைக்கிறன். ஆனா ரப்பில பதிஞ்சாலும் ஒரே ஆளை இரண்டு இடத்தில பதியலாம், ஒரு விடுதியைப் பிந்தி அனுப்பலாம், ஒரு வீட்டைப் பக்கத்து ஜீ.எஸ். பிரிவுக்குள்ள போடலாம். அதெல்லாம் பதிவுகளை ஒண்டோட ஒண்டு ஒப்பிட்டாத்தான் தெரியும். கூட்டல் பிழை போகும், எண்ணல் பிழை போகாது.

ஈச்சமோட்டை · 2025 நவம்பர் 4

18,630 பேர் எந்த மாவட்டத்தில எவ்வளவு கூடினவை எண்டு ஏப்ரல் தாளையும் அக்டோபர் தாளையும் பக்கத்தில வைச்சுக் கழிச்சுப் பாக்கப் போறன். ஏப்ரல் பி.டி.எஃப் ஆரிட்டயாவது கிடக்குதோ? புதுசு வந்தா பழசை எடுத்துப்போடுவாங்கள், நான் இறக்கி வைக்கேல்லை.

கொக்குவில்காரி · 2025 நவம்பர் 4

என்னட்டக் கிடக்குது அண்ணை. பிரதேச செயலகப் பிரிவு எண்களும் சேர்த்து வைச்சிருக்கிறன். இரவுக்கு ஏத்தி விடுறன்.